பெரியவள் வரைந்த முட்கள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். பெரியவள் அச்சகத்தில் டிசைனர். சின்னவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். இருவருக்கும் நடுவில் ஒரு மாமியார், ஒரு கூடம், ஒரு குளியலறை. இத்தனைக்கும் நடுவில் இதுவரை பெரிதாக ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டை வராததாலேயே உள்ளே என்னென்ன சேர்ந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கிளறிவிட்டது ஒரு கைக்கடிகாரம். மாமியார் போன வருடம் மாடிப்படியில் தடுக்கி விழுந்தபோது, பயந்துபோன மூத்த மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். வட்டமான, பளபளப்பான, விலை உயர்ந்த சமாச்சாரம். அதோடு வந்த முகப்புகளில், அதாவது திரையில் மணி காட்டும் படங்களில், மணி மட்டும்தான் சரியாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது: நடந்த அடி, துடித்த நாடி, நாளைய வெயில், ஒரு பச்சை இலை. கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு எல்லாம் சேர்ந்து எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. இரண்டு நாள் கட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார்.

சின்னவள்தான் அதை எடுத்து வெளியே வைத்தாள். கூடத்து மேஜையில் வீட்டுக்குப் பொதுவாகக் கிடந்த லேப்டாப்பில், முகப்பு செய்யும் எடிட்டர் ஒன்றை இறக்கினாள். புது ப்ராஜெக்ட் திறந்து, வட்டத்தைக் கறுப்பாக விட்டு, நடுவில் மணியும் நிமிடமும் காட்டும் எண்களைப் போட்டு, அவற்றை இரண்டு ஓரமும் இடிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினாள். நிறம் வெறும் வெள்ளை. மேலே கிழமை, கீழே பேட்டரி. அவ்வளவுதான். வாட்சின் அமைப்புகளுக்குள் போய் மென்பொருள் எண்ணைப் பலமுறை தட்டி, டெவலப்பர் பகுதியைத் திறந்து, வாட்சையும் லேப்டாப்பையும் ஒரே வைஃபையில் சேர்த்து, வாட்ச் காட்டிய குறியீட்டை இங்கே தட்டி இணைத்து, இயக்கு பொத்தானை அமுக்கினாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாட்ச் அந்த முகப்பைக் காட்டியது.

மாமியார் கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். "அட, தெரியுதே" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது தம்பட்டம். பால் போட வந்தவரிடம், கீழ் வீட்டில் குடியிருப்பவரிடம், போனில் தன் தங்கையிடம், எல்லாரிடமும் கையை நீட்டினார். "எங்க சின்னவ செஞ்சது. கடையில வாங்கினது இல்ல, அவளே செஞ்சது."

பெரியவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். முகம் சிரித்தது, வயிறு எரிந்தது.

அவள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பத்து வருடமாக இந்தக் குடும்பத்தின் அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, மாமனாரின் நினைவு மலர், கொழுந்தனின் கல்யாணப் பத்திரிகை, ஆமாம், இந்தச் சின்னவளின் கல்யாணப் பத்திரிகையே அவள் வரைந்ததுதான். அதில் ஒன்றையாவது மாமியார் பால்காரரிடம் நீட்டியதுண்டா? "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி மேஜையில் வைத்ததோடு சரி. இப்போது நாலு எண்ணைப் பெரிதாகப் போட்டவள் கலைஞி ஆகிவிட்டாள். எழுத்துரு தேர்வு கிடையாது, நிறத் தேர்வு கிடையாது, கறுப்பில் வெள்ளை. பேருந்து நிலையப் பலகை மாதிரி இருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வரைஞ்சு குடுத்திருப்பேன்ல" என்று ஒருநாள் சமையலறையில் சின்னவளிடம் சொன்னாள். தொனியை விளையாட்டாகத்தான் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்கா. இது சின்ன விஷயம்தானே" என்றாள் சின்னவள். அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அதுதான் பெரியவளுக்கு இன்னும் சுருக்கென்று குத்தியது.

அடுத்த வாரம் முழுக்க அச்சகத்தில் வேலை இடைவெளியில் பெரியவள் ஒரு கடிகாரம் வரைந்தாள். வாடிக்கையாளருக்கு இல்லை, மாமியாருக்கு. எடிட்டர் கேட்கும் அளவில், நானூற்றைம்பதுக்கு நானூற்றைம்பது புள்ளியில் ஒரு சதுரம், அதற்குள் வட்டம். தந்த நிறத்தில் பின்னணி. பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது மட்டும் எண்களாக, மற்ற இடங்களில் மெல்லிய கோடு. அடர் நீலத்தில் இரண்டு முட்கள், நடுவில் லேசாகப் புடைத்து நுனியில் கூராகி. அந்த முட்களுக்கு மட்டும் மூன்று மதிய இடைவேளைகளைக் கொடுத்தாள். மாமியாரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முட்களைத் தடிமனாகத்தான் போட்டாள். பொறாமையிலும் அவள் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை.

முட்களை எங்கே வைத்து வரைந்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கடிகாரக் கடை விளம்பரம், காலண்டர், பரிசுப் பொருள் பட்டியல் என்று எத்தனையோ கடிகாரங்களை அச்சுக்குத் தயார் செய்தவள் அவள். அந்தத் தொழிலில் கடிகாரம் என்றால் பத்து மணி பத்து நிமிடம்தான். இரண்டு முட்களும் வரவேற்க விரிந்த கைகள் போல மேல்நோக்கி இருக்கும், நடுவில் கம்பெனிப் பெயர் மறையாது, பார்க்கவும் சிரித்த முகம் போல இருக்கும். வேறு நேரத்தில் வரைந்தால் மேலாளரே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கை தன்பாட்டுக்குப் பத்து பத்தில் வரைந்தது. பின்பு ஒவ்வொரு முள்ளையும் தனித்தனிப் படமாக, அதே முழுச் சதுர அளவில், பின்னணி இல்லாமல் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. விளக்குப் போடாத கூடம் மாலை மாதிரி இருந்தது. மாமியார் சாப்பிட்டுவிட்டு வாட்சைக் கழற்றி சார்ஜரில் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். மெல்லிய குறட்டை கேட்டது. சின்னவள் வேலையிலிருந்து வர மாலையாகும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

லேப்டாப்பைத் திறந்தாள். வாட்சோடு ஏற்கெனவே இணைந்திருந்த லேப்டாப் அது; அந்தத் தலைவலி இல்லை. எடிட்டரைப் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரமில்லாததால் சின்னவளின் ப்ராஜெக்டையே திறந்து, வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அந்தப் பெரிய எண்களைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். நீக்கும்போது கொஞ்சம் அழுத்தமாகவே தட்டினாள். பின்னணிப் படத்தைப் போட்டாள். மணி முள்ளுக்குத் தன் படத்தை, நிமிட முள்ளுக்குத் தன் படத்தைக் கொடுத்தாள். சுழலும் மையம் சதுரத்தின் நட்டநடுவில். படமும் சதுரமும் ஒரே அளவு என்பதால் அச்சு அசலாகப் பொருந்தியது. திரை மங்கும்போது தெரிய வேண்டிய நிலைக்குப் பின்னணியை எடுத்துவிட்டு முட்களையும் எண்களையும் மட்டும் வைத்தாள்.

எடிட்டரின் முன்னோட்டத்தில் முட்கள் எட்டு மணி இருபது நிமிடத்தில் நின்றன. அதன் ஓரத்திலேயே முன்னோட்ட நேரம் பத்து மணி பத்து நிமிடம் என்று சின்னதாக எழுதியிருந்தது. அவள் ஓரத்தைப் பார்க்கவில்லை. எட்டு இருபதும் அவளுக்குப் பழக்கமான நிலைதான். பழைய விளம்பரங்களில் முட்கள் அப்படிக் கீழ்நோக்கி விரிந்து நிற்கும். இந்த எடிட்டர்க்காரர்கள் பழைய ரசனைக்காரர்கள் போல என்று எண்ணி, இயக்கு பொத்தானை அமுக்கினாள்.

அந்த எடிட்டரைப் பொறுத்தவரை முள்ளின் படம் என்றால் அது பன்னிரண்டைப் பார்த்து நேராக நிற்கும் முள்தான். அங்கிருந்துதான் அது சுழற்றும். இவளோ முள்ளை முன்கூட்டியே பத்து பத்துக்குத் திருப்பி வைத்துவிட்டாள். அதற்கு மேல் எடிட்டரும் திருப்பினால் எந்த நேரத்திலும் பத்து மணி பத்து நிமிடம் கூடுதலாக நகர்ந்து நிற்கும். பன்னிரண்டு மணி வட்டத்தில் அதைப் பார்க்கிறவர்களுக்கு, வாட்ச் இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாகப் பின்தங்கி ஓடுவதாகத் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு முள்ளும் ஒரே கணக்கில் தவறியதால் அது காட்டும் நேரத்தில் ஒரு கோணலும் இல்லை. பொய் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பொய்.

பெயர் மாறினாலும் உள்ளே அதே அடையாள எண்ணோடு போனதால் பழைய முகப்பு இருந்த இடத்திலேயே புதியது உட்கார்ந்தது. சார்ஜரில் இருந்தபடியே வாட்ச் சின்னதாக அதிர்ந்தது. தந்த நிறம், நீல முட்கள். பெரியவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் அது அச்சில் வருவதைவிட அழகாக இருந்தது. அவள் அழகைப் பார்த்தாள், மணியைப் பார்க்கவில்லை. அதற்குள் அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது, அச்சுக்குப் ப்ளேட் போட ஆள் காத்திருக்கிறார் என்று. சாயங்காலம் மாமியாரின் கையை நானே பிடித்துக் காட்டி, வரைந்தது யார் என்று சொல்வேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே வண்டியை எடுத்தாள்.

ஒத்திகை வீணாயிற்று. அச்சகத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாமியாரின் போன்.

"பெரியவளே, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல. சின்னவ வாட்சை மாத்திட்டா போல, எழுந்து பார்த்தா அப்படியே அள்ளுது. நீலமா முள்ளு வச்சு, நம்ம காலத்து கடிகாரம் மாதிரி. என்ன அழகுங்கற. இப்பதான் அவளுக்கும் போன் பண்ணி, வாட்ச் அவ்வளவு அழகா இருக்குன்னு சொன்னேன்."

பெரியவள் கைவேலையை நிறுத்தினாள். "அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்வா, உங்களுக்குப் பிடிச்சா சரி அத்தைன்னா. தன்னடக்கம் அவளுக்கு."

தன்னடக்கமாம். இந்த இடத்தில் பெரியவளின் காதில் ரீங்காரம் போட்டது. செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்து "நான் இல்ல அத்தை" என்றால் முத்தா உதிர்ந்துவிடும்? பத்து வருட உழைப்பை மேஜையில் வைத்தார்கள். மூன்று மதிய இடைவேளையை அவள் மடியில் போட்டார்கள். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன், அவளே சொல்லட்டும், எவ்வளவு நாள்தான் கூசாமல் அனுபவிக்கிறாள் பார்ப்போம் என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமியார் அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்.

"...பத்து நிமிஷம்தான் தூங்கியிருக்கேன், ஆனா உடம்பு என்னமோ ஒரு யுகம் தூங்கின மாதிரி லேசா இருக்கு. மணி பன்னெண்டே முக்கால்தானே ஆகுது. நான் மெதுவா பார்க்குக்குப் போய் நடந்துட்டு, அப்படியே ஸ்கூலுக்குப் போய்க் குட்டியைக் கூட்டிட்டு வந்துடறேன். சரியா?"

"சரி அத்தை" என்றாள் பெரியவள்.

அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை, மாமியார் சொன்ன மணி மூளையில் ஏறவும் இல்லை. தன்னடக்கம் என்ற ஒரு சொல் உள்ளே நின்று வேறு எதையும் நுழைய விடவில்லை.

குட்டி அவளுடைய மகள். இரண்டாம் வகுப்பு. மூன்றரைக்குப் பள்ளி விடும். பாட்டி வாசலில் நிற்பார். இருவரும் கை கோத்து நடந்து வருவார்கள். சின்னவளின் முகப்பு வந்த பிறகு மாமியார் ஒரு நாளும் தவறியதில்லை.

பள்ளி வாசல் காவலாளியிடமிருந்து போன் வந்தபோது பெரியவள் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபிளில் இருந்தாள். "அம்மா, பசங்க எல்லாரும் போயிட்டாங்க. உங்க பாப்பா மட்டும் உட்கார்ந்திருக்கு. யாரும் வரலையே."

அவள் மாமியாருக்குப் போன் அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மீண்டும் அடித்தாள். போன வருடத்து மாடிப்படி கண்ணுக்குள் வந்து நின்றது. மேலாளரிடம் என்ன சொன்னாள் என்றே தெரியாமல் வண்டியைக் கிளப்பினாள். பள்ளி வாசலில் காவலாளியின் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு குட்டி உட்கார்ந்திருந்தாள். தூறலில் செருப்பு நனைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. "பாட்டி என்னை மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். அழுதிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் பூட்டு. உள்ளே மேஜையில் மாமியாரின் போன், பெரியவளின் தவறிய அழைப்புகளோடு கிடந்தது. கையில் வாட்ச் இருக்கும்போது போன் எதற்கு என்பது அவருடைய சமீபத்திய கொள்கை. பெரியவள் குட்டியைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டுப் பார்க்குக்கு ஓடினாள். ஈர பெஞ்சுகளில் யாரும் இல்லை. திரும்பி வந்து, மருத்துவமனைக்கு அடிப்பதா, கணவனுக்கு அடிப்பதா என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது படியில் காலடி கேட்டது.

மாமியார் மூச்சிரைக்க வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "குட்டி எங்க? ஸ்கூல் பூட்டிக் கிடக்கு. அந்த வாட்ச்மேன் எப்பவோ நீ வந்து கூட்டிட்டுப் போயிட்டேங்கறான். பார்க்ல தூறல் விழவும் கோயில்ல ஒதுங்கி நின்னுட்டு நான் நேரத்துக்குத்தான் போனேன், இன்னும் சொல்லப்போனா பத்து நிமிஷம் முன்னாடியே போனேன்..."

"அத்தை, மணி அஞ்சரை ஆகப் போகுது" என்றாள் பெரியவள். கோபம் மூக்கு நுனியில் இருந்தது. "குழந்தை தனியா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தா தெரியுமா? நான் உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு செத்துப் பிழைச்சேன்."

"அஞ்சரையா? என்ன பேசற நீ?" மாமியார் கையை நீட்டினார். "நீயே பாரு. மூணரைதான்."

பெரியவள் பார்த்தாள். தந்த நிறத்தில், தான் மூன்று மதியம் செதுக்கிய முட்கள், துல்லியமாக மூன்றரையைக் காட்டின. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மீண்டும் வாட்சைப் பார்த்தாள். எங்கே தப்பு என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அச்சகத் திரையில் விரிந்த கைகள் போல அவள் வரைந்து வைத்த அந்த இரண்டு முட்கள் மனதில் வந்தன. முன்னோட்டத்தில் நின்ற எட்டு இருபதும் வந்தது. பத்து பத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு இருபது. குட்டிகூடச் சொல்லிவிடும் கணக்கு. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மாமியாரும் புரிந்துகொண்டார், தன் வழியில். "வாட்ச்தான் தப்பா? அதானே பார்த்தேன்." பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "நல்லா இருந்ததை எதுக்கு மாத்தணும் அவ? அழகு பண்றேன்னு போய் என் பேத்தியைத் தெருவுல உட்கார வச்சுட்டாளே. வரட்டும் இன்னைக்கு."

இந்த இடத்தில் பெரியவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாக நடக்கும். பாராட்டை வாங்கிக்கொண்டவள்தானே, திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், கணக்கு நேராகும். அப்படி நினைத்தபோது அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. அதை நினைத்துக் கூச்சமும் இருந்தது, ஆனால் குளிர்ச்சி முதலில் வந்தது.

சின்னவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அதிர்ந்து பேசாதவர். குட்டி உட்கார்ந்திருந்ததையும், பூட்டிக் கிடந்த பள்ளியின் முன்னால் தான் நின்றதையும், பதறி ஓடி வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "மத்தியானம் போன்ல அவ்வளவு புகழ்ந்தேனே உன்னை. இதுக்குத்தானா?"

சின்னவள் ஒன்றும் விளங்காமல் வாட்சை வாங்கிப் பார்த்தாள்.

பார்த்ததும் அவள் முகம் மாறியது. பெரியவள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். மதியம் மாமியார் அழகு என்றபோது இவள் தன் பழைய எண்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள். இந்த முகப்பை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். திருடவில்லை. தன்னடக்கமும் இல்லை. ஒன்றுமே தெரியாமல், ரத்தப் பரிசோதனைக் குழாய்களுக்கு நடுவில் நின்று, வழக்கம்போல ஒரு பாராட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். அந்த நீல முட்களின் வளைவை அவளுக்குத் தெரியாதா? அவளுடைய கல்யாணப் பத்திரிகையின் ஓரத்திலேயே அந்த வளைவு இருந்தது. அவள் கண் பெரியவளிடம் வந்தது, ஒரு நொடி நின்றது, திரும்பிப் போனது.

"மன்னிச்சுடுங்க அத்தை" என்றாள். "என் தப்புதான். சரியா டெஸ்ட் பண்ணாம விட்டுட்டேன்."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றி வரவில்லை. நிம்மதி வரவில்லை. வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்வதென்றால், அதே பழைய எரிச்சல்தான், முன்னைவிடப் பத்து மடங்காக. எண்களுக்குப் பாராட்டு வாங்கினாள், முட்களுக்கும் வாங்கினாள், இப்போது அடுத்தவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பெருந்தன்மையையும் இவளே எடுத்துக்கொள்வதா? அப்புறம் இந்த வீட்டில் எனக்கென்று என்னதான் மிச்சம்? ராத்திரி முழுக்க இவள் தியாகியாகவும் நான் திருடியாகவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதா?

"அவ பண்ணல" என்றாள் பெரியவள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "நான் பண்ணேன். நீங்க தூங்கும்போது அவ செஞ்சதை எடுத்துட்டு என்னோடதைப் போட்டேன். அந்த முள்ளு நான் வரைஞ்சது. பன்னெண்டைப் பார்த்து நேரா வரையணும், நான் விளம்பரத்துக்கு வரையற மாதிரி பத்து பத்துல வச்சு வரைஞ்சுட்டேன். அது என் தப்பு. அவளுக்கு அதுல ஒண்ணும் கிடையாது."

ஒரு தப்புக்கு இத்தனை சொந்தம் கொண்டாடி ஒருவர் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எதுக்கும்மா மறைச்சுப் பண்ணே?"

"நீங்க அவளுதை எல்லார்கிட்டயும் காட்டினீங்க" என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அவளிடம் இல்லை.

மாமியார் வாட்சைச் சின்னவளின் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த முட்களை நிதானமாகப் பார்த்தார். "நீயா வரைஞ்சே?" என்றார். "அதானே. மத்தியானமே எனக்கு ஒரு சந்தேகம். இவளுக்கு இவ்வளவு அழகா வராதேன்னு."

இதைக் கேட்கத்தான் பெரியவள் ஒரு வாரமாக ஏங்கினாள். வார்த்தைக்கு வார்த்தை அவள் ஒத்திகையில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அது காதில் விழுந்த அதே நேரத்தில் அவள் கண் சின்னவளிடம் போய்விட்டது. சின்னவள் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் ஒரு சிரிப்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகத் தன் முகத்தில் இருந்தது அதுதான்.

"என்னோடது அழகா இல்லன்னு எனக்கே தெரியும் அத்தை" என்றாள் சின்னவள். "மணி தெரிஞ்சா போதும்னுதான் போட்டேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமியார். வாட்சைப் பெரியவளின் கையில் வைத்தார். "இது அழகு. இதைக் கட்டிக்கிட்டு நான் எந்த விசேஷத்துக்கும் போவேன். ஆனா நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும். அவளோடதைத் திருப்பிப் போட்டுக் குடு."

"நான் போடறேன் அத்தை" என்று சின்னவள் கை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார் மாமியார். "எடுத்தவ போடட்டும்."

"முள்ளை நேரா வரைஞ்சுட்டா சரியாயிடும் அத்தை. ஒரு அரை மணி நேர வேலை" என்றாள் பெரியவள். கெஞ்சுவது போல வந்தது.

"சரியாகட்டும். மெதுவா பண்ணு. அதுவரைக்கும் எனக்கு மணி தெரியணும்" என்று சொல்லிவிட்டு மாமியார் குட்டியைக் கூட்டிவரக் கீழே இறங்கினார். பேத்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவருக்கு இன்னும் பாக்கி இருந்தது.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும். பெரியவள் லேப்டாப்பைத் திறந்தாள். தன்னுடையதை மூடிவிட்டுச் சின்னவளின் ப்ராஜெக்டைத் திறந்தாள். கறுப்பில் அந்தப் பெரிய வெள்ளை எண்கள் வந்து நின்றன. இத்தனை நாள் தூரத்திலிருந்தே ஏளனமாகப் பார்த்தவள், இன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தாள். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒரு இழை இடது பக்கம் தள்ளியிருந்தன. அவள் விரல் தானாகவே மௌஸுக்குப் போனது. ஒரே ஒரு தட்டு, சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது.

சின்னவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கப் பெரியவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளியிருக்கு" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "நகர்த்தட்டுமா?"

"வேண்டாம்கா" என்றாள் சின்னவள். "அது அப்படியே இருக்கட்டும்."

பெரியவள் மௌஸிலிருந்து கையை எடுத்து, இயக்கு பொத்தானுக்கு மட்டும் கொண்டுபோய் அமுக்கினாள். வாட்ச் அதிர்ந்தது. எண்கள் வந்தன. இந்த முறை அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, மணி சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.